அனுப்பாமல் அழித்த செய்தியை இன்று அனுப்புங்கள்

கேள்வி: பெண்கள் சங்கக் கடனில் என் பெயரில் வாங்கிய லான்ட் மாஸ்டர் உழவு இயந்திரத்தை, கணவருக்கு முதுகு இயலாமற்போனதால், 2024 ஒக்டோபர் 20ஆம் திகதி சித்தியின் மகனுக்கு 450,000 ரூபாவுக்குக் கொடுத்தேன். அன்று 150,000 ரூபா கையில் தந்தான். மீதியைக் காலபோக நெல் விற்றதும், மார்ச் முடிவதற்குள் தருவதாகச் சொன்னான். அதில் பூட்டி இழுக்கும் பெட்டி தனியாக 60,000 என்று பேசினோம். எல்லாம் வாய்ப்பேச்சு. அன்றிரவு விபரங்களை வாட்ஸ்அப்பில் எழுதினேன். தம்பி கோவிப்பான் என்று அனுப்பாமல் அழித்துவிட்டேன். இப்போது ஜூன் மாதம். பெட்டியும் சேர்த்துத்தான் அந்த விலை, மீதியை அடுத்த போகத்தில் பார்ப்போம் என்கிறான். எங்கள் வயலையும் இரண்டு போகத்துக்கு அவனிடமே குத்தகைக்கு விடுவதாகப் பேச்சு இருக்கிறது. நான் என்ன செய்வது?
ச., கிளிநொச்சி மாவட்டம்

பதில்:

சகோதரி, உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் சொல்லிவிட்டுக் கடந்துபோன ஒரு வரியைத்தான் நான் பிடித்துக்கொள்ளப் போகிறேன். அன்றிரவு எழுதினீர்கள், பின்பு அழித்தீர்கள். என்ன செய்ய வேண்டும் என்று தெரியாதவர் நீங்கள் அல்லர். விலை, தந்த தொகை, மீதி, தவணை, பெட்டி ஆகிய ஐந்தும் நினைவில் பசுமையாக இருந்த நேரத்தில், அவற்றைச் சரியாக எழுதி முடித்த கையாலேயே அழித்திருக்கிறீர்கள். யாருடைய கோபத்துக்காக? சில மணித்தியாலங்களுக்கு முன் தன் வாயாற் சொன்னதை எழுத்திற் பார்த்தால் கோபிக்கக்கூடிய ஒருவனுடைய கோபத்துக்காக. சங்கத்துக்கு நீங்கள் கட்ட வேண்டிய தவணையையும், இயலாமல் இருக்கும் கணவரையும் ஒரு பக்கத்தில் வைத்து, தம்பியின் முகம் சுளிப்பதை மறுபக்கத்தில் வைத்தபோது, முகச்சுளிப்புத்தான் உங்களுக்குப் பெரிதாகத் தெரிந்திருக்கிறது. அதை நான் பாசம் என்று சொல்ல மாட்டேன். வீட்டுக்குச் செய்ய வேண்டிய கடமையை ஒரு சங்கடத்துக்காக விட்டுக்கொடுத்தீர்கள்.

சொந்தத்துக்குள் எழுத்து எதற்கு என்று கேட்கும் கடிதங்கள் எனக்கு வந்துகொண்டே இருக்கின்றன. சொந்தத்துக்குள்தான் எழுத்து வேண்டும் என்பதே என் முடிவு. அந்நியனோடு வந்த வழக்கு பணத்தோடு முடிந்துவிடும். சொந்தக்காரனோடு வந்தது கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் கூடவே வரும். அதைவிடக் கொடியது, எழுத்தில்லாத பேச்சுக்குச் சாட்சி மனிதர்தாம் என்பது. நாளை நீங்கள் ஒன்றும் அவன் ஒன்றும் சொல்லும்போது, அன்று திண்ணையில் இருந்தவர் யார் என்று கேட்பார்கள். அது உங்கள் அம்மாவாகவோ சித்தியாகவோ இருந்தால், கூடப்பிறந்த இருவரில் ஒருவர் மற்றவருடைய பிள்ளைக்கு எதிராக வாய் திறக்க வேண்டிவரும். அந்த இரண்டு பெண்களையும் அப்படி நிறுத்தாமலிருப்பதற்கு ஐந்து வரிச் செய்தி போதுமாக இருந்தது.

இன்றும் எழுதலாம். ஒக்டோபரில் அனுப்பியிருந்தால் அந்தச் செய்திக்கு இருந்திருக்கும் வலு இதற்கு இருக்காது. ஆனாலும் அவனுடைய பதில் வந்தால் பெருமளவு ஈடாகிவிடும். இதைத்தான் பலர் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். நீங்கள் அனுப்பும் செய்தி உங்கள் பக்கக் கதை மட்டுமே. அதை எவரும் எழுதலாம். அதற்கு அவன் எழுதும் பதில்தான், அவன் தன் வாயால் ஒப்புக்கொண்டதாக எடுக்கப்படும். ஆகவே பதிலை வரவழைக்கும் விதத்தில் செய்தியை எழுத வேண்டும்.

அவன் எதை மறுக்கிறான், எதை மறுக்கவில்லை என்று பாருங்கள். பெட்டியை மறுக்கிறான். 450,000 என்ற விலையையும், 150,000 தந்ததையும், மீதி இருப்பதையும் அவன் மறுக்கவில்லை. முதற் செய்தியில் மறுக்காததை மட்டும் எழுதுங்கள். இப்படி எழுதலாம்: “தம்பி, 2024 ஒக்டோபர் 20ஆம் திகதி எங்கள் வீட்டில் பேசியபடி லான்ட் மாஸ்டரின் விலை 450,000 ரூபா. அன்று நீ 150,000 ரூபா தந்தாய். மீதி 300,000 ரூபாவை 2025 மார்ச் 31க்கு முன் தருவதாகச் சொன்னாய். இதில் ஏதாவது பிழை இருந்தால் எழுது. மீதியை எந்தத் திகதியில், எவ்வளவாகத் தருவாய் என்றும் எழுது. வங்கியில் போடுவதென்றால் என் கணக்கிலக்கம் இது.” வட்டி, பொலிஸ், சித்திக்குச் சொல்லிவிடுவேன் என்ற மிரட்டல், பழைய கோபம் எதுவும் அதில் வரக்கூடாது. பிறகு இதை வாசிக்கப்போகிறவர் தம்பி மட்டுமல்லர். மத்தியஸ்தரோ நீதிபதியோ முழு உரையாடலையும் மேலிருந்து கீழாக வாசிப்பார். அன்று பேசாத ஒன்றை இன்று சேர்க்கவும் வேண்டாம். ஒரு வரி பொய்யென்று தெரிந்தால் மற்ற வரிகளையும் எவரும் நம்ப மாட்டார்கள்.

எந்தத் திகதியில், எவ்வளவு என்று செய்தியிற் கேள்வி இருப்பதற்குக் காரணம் உண்டு. கேள்வி இல்லாவிட்டால் பெருவிரலைக் காட்டும் ஒரு படத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுவான். அதன் பொருள் சம்மதமா, பார்த்தேன் என்பதா என்று பின்னர் வாதாட இடமுண்டு. திகதியையும் தொகையையும் கேட்டால், “ஓகஸ்டில் ஒன்று தாறன் அக்கா” என்று அவன் எழுதும் அரை வரியே கடன் இருப்பதை ஒப்புக்கொண்டதாகிவிடும். கோபத்தில், “பெட்டியும் சேர்த்துத்தானே நாலரை பேசினது, மீதி மூன்றுதானே” என்று எழுதினால், அவசரப்பட்டுச் சண்டைக்குப் போகாதீர்கள். பெட்டியைப் பற்றி உங்களுக்கு எதிராக எழுதிய அதே வரியில் விலையையும் மீதியையும் அவன் உறுதிசெய்திருக்கிறான். பெட்டிக்கு அடுத்த செய்தியைத் தனியே எழுதுங்கள். அதில் நீங்கள் தோற்கவும் கூடும், ஏனென்றால் அதற்கு உங்களிடம் எழுத்து இல்லை.

எழுதாமல் தொலைபேசியில் அழைப்பான் என்றே நினைக்கிறேன். பேசட்டும், பொறுமையாகக் கேளுங்கள். வைத்த உடனேயே, “இப்போது நீ தொலைபேசியிற் சொன்னபடி, ஓகஸ்ட் 31க்கு முன் 150,000 தருவாய், மிகுதியைச் செப்டெம்பரில் தருவாய். நான் விளங்கிக்கொண்டது சரிதானே?” என்று எழுதி அனுப்புங்கள். எந்த வாய்ப்பேச்சுக்குப் பின்னும் அதே நாளிற் செய்ய வேண்டியது இதுதான். குரற்பதிவு அனுப்பினாலும் அதில் உள்ள தொகையையும் திகதியையும் எழுத்தில் திருப்பி அனுப்புங்கள். பதிலே வராவிட்டால், நீலக் கோடுகள் இரண்டும் அவன் வாசித்ததற்கு மட்டுமே அடையாளம், சம்மதத்துக்கு அல்ல. ஆனால் அந்தச் செய்திக்குப் பிறகு உங்கள் கணக்கில் 50,000 போட்டால், அவன் நடத்தையே பதிலாகிவிடும். கையில் பணம் வாங்கினாலும் வாங்கிய தொகையையும் மிச்சத்தையும் அன்றே எழுதி அனுப்பிவிடுங்கள்.

இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டத்தின்படி, இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு செய்தியைத் தள்ளிவிட முடியாது, மின்னஞ்சலுக்கும் இதுவே. ஆனால் அந்தச் செய்தி அவனுடையதுதான், இடையில் மாற்றப்படவில்லை என்று காட்ட வேண்டிய பொறுப்பு உங்களுடையது. நீங்கள் அவனைத் “தம்பி” என்று சேமித்து வைத்திருப்பீர்கள். அப்படியே திரையைப் படம் எடுத்தால் எந்தத் தம்பி என்று அந்தப் படம் சொல்லாது. பெயரை அழுத்தி இலக்கம் தெரியும் பக்கத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். செய்திகள் தானாக மறையும் அமைப்பு அந்த உரையாடலில் போடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் நிறுத்துங்கள். Export chat என்பதை அழுத்தி முழு உரையாடலையும் உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள். படங்களும் பிரதிகளும் துணைக்குத்தான். முதற் சான்று அந்தத் தொலைபேசி. கணக்குத் தீரும்வரை அதை விற்கவோ பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுக்கவோ வேண்டாம். வாகனப் பதிவுப் புத்தகம் உங்கள் கையில் இருந்தால், மீதி வரும் முன் பெயர் மாற்றத்துக்குக் கையொப்பமும் வைக்க வேண்டாம்.

“அடுத்த போகத்தில் பார்ப்போம்” என்பதைக் கேட்டுக்கொண்டு இருந்துவிடாதீர்கள். விற்றுக் கையளித்த பொருளின் விலைக்கு வழக்கு வைப்பதற்கு, எழுத்திலான ஒப்பந்தம் இல்லாதவிடத்து, பணம் தரவேண்டிய நாளிலிருந்து ஒரு வருடம்தான் எங்கள் காலவிதிப்புச் சட்டம் தருகிறது. உங்களுக்கு அது 2026 மார்ச் முடிவோடு போய்விடும். சிறுபோகம், பிறகு காலபோகம் என்று இரண்டு அறுவடையைக் காட்டியே அவன் அந்த நாளைக் கடத்திவிடலாம். எழுத்தில் ஒப்புக்கொண்டால் காலம் கூடலாம் என்றாலும், வாட்ஸ்அப் பதில் அதற்குப் போதுமா என்பதைச் சட்டத்தரணி உங்கள் செய்திகளைப் பார்த்துச் சொல்லட்டும். நீங்கள் அந்த ஒரு வருடத்தையே எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள்.

வயல் குத்தகையைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. ஒரு கணக்குத் தீரவில்லை, அதே ஆளோடு இன்னொரு வாய்ப்பேச்சு! இங்கே வாட்ஸ்அப் உங்களைக் காப்பாற்றவும் மாட்டாது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காணிக் குத்தகை சட்டப்படி செல்லுபடியாவதற்கு, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் நொத்தாரிசு ஒருவர் அத்தாட்சிப்படுத்த வேண்டும் என்று 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. ஆயிரம் செய்திகள் இருந்தாலும் அதற்கு ஈடாகாது. வன்னியில் இடம்பெயர்ந்து ஓடியபோது சட்டி பானையை விட்டுவிட்டு உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் பையிற் கட்டிக்கொண்டு ஓடிய சனம் நாங்கள். அந்தச் சனத்திலிருந்து வந்த ஒருவர், தம்பி கோவிப்பான் என்பதற்காக வயலைப் பேச்சிற் கொடுக்கலாமா? லான்ட் மாஸ்டர்க் காசு முழுவதும் வந்த பிறகு, நொத்தாரிசிடம் போகச் சம்மதித்தால் மட்டும் குத்தகையைப் பேசுங்கள்.

செய்தியை இன்று மாலையே அனுப்புங்கள். சித்தியிடம் முதலில் முறையிட வேண்டாம்; அவனுக்கு மரியாதையாகப் பதிலெழுத ஒரு வாரம் கொடுங்கள். வராவிட்டால் அதையே சுருக்கமாக நினைவூட்டி ஒரு முறை எழுதுங்கள். அதற்கும் அசையாவிட்டால் உங்கள் பகுதி மத்தியஸ்த சபைக்கு விண்ணப்பியுங்கள். இந்த அளவுத் தொகைக்கான தகராறு நீதிமன்றத்துக்குப் போகும் முன் அங்கேதான் போக வேண்டும். விண்ணப்பத்தோடு அச்செடுத்த செய்திகளையும், வங்கிப் புத்தகத்தையும், பதிவுப் புத்தகத்தின் பிரதியையும், தொலைபேசியையும் கொண்டு செல்லுங்கள். இணக்கம் வந்தால் தொகையும் திகதிகளும் எழுதப்பட்டு இருவரும் கையொப்பமிட்ட பிறகே எழுந்து வாருங்கள். வராவிட்டால், இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழைக் கேட்டு வாங்கிக்கொண்டு சட்டத்தரணியிடம் போங்கள்.