அட்டவணை மட்டும் வந்தது

கேள்வி: 100 கிராமில்: ஆற்றல் 480 கிலோகலோரி, புரதம் 7 கிராம், கார்போஹைட்ரேட் 68 கிராம், மொத்தச் சர்க்கரை 24 கிராம், அதில் சேர்க்கப்பட்ட சர்க்கரை 22 கிராம், கொழுப்பு 20 கிராம். ஒரு முறை உண்ணும் அளவு 25 கிராம். பாக்கெட் 150 கிராம்.

பதில்: கேள்வியை நான்தான் ஊகிக்க வேண்டியிருக்கிறது. பொருளின் பெயரும் இல்லை. ஆனால் புரதம், கார்போஹைட்ரேட், கொழுப்பு மூன்றும் சேர்ந்தே 95 கிராம் வருவதால் ஈரப்பதம் மிகக் குறைவு, எனவே இது பிஸ்கட் போன்ற உலர்ந்த தின்பண்டமாக இருக்க வேண்டும்.

நீங்கள் அறிய விரும்பியது கலோரி என்றால், கணக்கு எளிது. 25 கிராமுக்கு 120 கிலோகலோரி; முழுப் பாக்கெட்டுக்கு 720. அச்சிட்ட எண்ணும் சரியாகவே இருக்கிறது: புரதத்தையும் கார்போஹைட்ரேட்டையும் நான்காலும், கொழுப்பை ஒன்பதாலும் பெருக்கிக் கூட்டினால் 480 கிடைக்கிறது.

ஆனால் உங்களை உறுத்தியது சர்க்கரைதான் என்று நினைக்கிறேன். மொத்தச் சர்க்கரையில் பாலிலும் பழத்திலும் இயல்பாக உள்ளதும் அடங்கும். தயாரிக்கும்போது கலந்ததை மட்டும் காட்டுவது சேர்க்கப்பட்ட சர்க்கரை என்ற வரி. உங்கள் பொருளில் 24-இல் 22 கிராம் கலந்ததே. 25 கிராம் உண்டால் 5.5 கிராம்தான் என்பதால் கவலையில்லை எனத் தோன்றும். ஆனால் அந்த 25 கிராம் உற்பத்தியாளர் அச்சிட்ட அளவே தவிர, நீங்கள் உண்மையில் உண்ணும் அளவு அன்று. பேச்சுவாக்கில் பாக்கெட் முழுவதும் காலியானால் 33 கிராம், அதாவது ஏறத்தாழ எட்டுத் தேக்கரண்டி உள்ளே போகும். நாளொன்றுக்கு 2000 கிலோகலோரி உண்பவருக்கு, உலக சுகாதார அமைப்பு 2015-இல் வகுத்த வரம்பு 50 கிராம். 25 கிராமுக்குள் நிறுத்தினால் இன்னும் நல்லது என்றும் அது கூறுகிறது. தேனிலும் பழச்சாற்றிலும் உள்ள சர்க்கரையும் அந்த வரம்புக்குள் அடங்கும்.

வேறொரு நிறுவனத்தின் பொருளோடு ஒப்பிட நினைத்து அதன் அட்டவணையை அனுப்ப மறந்திருந்தால், ஓர் எச்சரிக்கை. அதில் ஒரு முறை உண்ணும் அளவுக்குச் சர்க்கரை 5 கிராம் என்றிருக்கலாம். உங்களுடையதில் 6 கிராம் வருவதால் அதுவே மேல் என்று எடுத்துவிடுவீர்கள். அந்த 5 கிராம் 20 கிராம் பொருளுக்கானது என்றால், 100 கிராமில் 25 ஆகிறது, உங்களுடையதோ 24. ஆகவே ஒப்பீட்டுக்கு 100 கிராம் கணக்கை மட்டுமே பாருங்கள். அது அச்சிடப்படாவிட்டால் வகுத்துப் பெறலாம்.

அடுத்த கடிதத்தில் உட்பொருள் பட்டியலையும் அனுப்புங்கள். அது எடையின் இறங்குவரிசையில் எழுதப்படுவது. சேர்த்த இனிப்பைச் சர்க்கரை, குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ் எனப் பிரித்து எழுதியிருந்தால், முதலிடத்தில் மாவு நிற்பதற்கு அந்தப் பிரிப்பே காரணமாக இருக்கலாம்.