சமூக ஊடக வேலை: ஏஜென்சியா, ஃப்ரீலான்சரா, சொந்த ஆளா?

கேள்வி: மரச்சாமான் செய்து விற்கும் சிறு பட்டறை நடத்துகிறேன். இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் வாரத்துக்கு மூன்று படப் பதிவுகளும் ஒரு ரீலும் போட வேண்டும், வரும் விசாரணைகளுக்குப் பதிலும் சொல்ல வேண்டும். இதை ஏஜென்சியிடம் கொடுக்கலாமா, ஃப்ரீலான்சரைப் பிடிக்கலாமா, அல்லது சம்பளத்துக்கு ஆள் வைக்கலாமா?

பதில்: கட்டணப் பட்டியல்களை ஒப்பிடுவதற்கு முன், வாரத்துக்கு எத்தனை மணி நேர வேலை இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். படம் பிடிக்க இரண்டு மணி, ரீலை வெட்டி ஒட்டி முடிக்க மூன்று மணி, மூன்று படங்களைத் திருத்தி வாசகம் எழுத மூன்று மணி, விசாரணைகளுக்கு நாளொன்றுக்கு அரை மணி வீதம் ஆறு நாளுக்கு மூன்று மணி, திட்டமிட ஒரு மணி என்று வைத்தால் மொத்தம் 12 மணி நேரம் வருகிறது. முழுநேர ஊழியருக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு மேல் சம்பளம் கொடுக்க வேண்டியிருக்கும். மீதி நேரத்துக்கு அவருக்குக் கொடுக்க வேறு வேலை உங்களிடம் இல்லையென்றால், இப்போதைக்கு அது வேண்டாம்.

அடுத்து, அந்த 12 மணி நேரத்தில் எது பட்டறைக்குள் இருந்தே ஆக வேண்டிய வேலை என்று பாருங்கள். மேசையின் மேற்பலகைக்கு மெருகேற்றும் பத்து நிமிடத்தை வெளியாள் வந்து பிடிக்க முடியாது, ஏனென்றால் அது எந்த நாளில் நடக்கும் என்பது உங்களுக்கே முதல்நாள்தான் தெரியும். ‘இந்த அலமாரி நாலு அங்குலம் குறைவாகக் கிடைக்குமா’ என்று கேட்பவருக்கும் ஏஜென்சிக்காரர் பதில் சொல்ல முடியாது; உங்களைக் கேட்டுச் சொல்வதற்குள் அவர் வேறு கடைக்குப் போயிருப்பார். ஆகவே படம் பிடிப்பதும் பதில் சொல்வதுமான ஐந்து மணி நேரத்தைப் பட்டறையில் ஏற்கெனவே இருக்கும் ஒருவரிடம், அதற்கெனக் கூடுதல் தொகை கொடுத்து ஒப்படையுங்கள். மீதி ஏழு மணி நேர வேலைக்கு, மாதக் கட்டணம் பேசி ஒரு ஃப்ரீலான்சர் போதும் என்பது என் கருத்து. அவர் உடல்நலம் கெட்டோ வேறு வேலை வந்தோ ஒரு வாரம் காணாமல் போகக்கூடும் என்பதால், பத்து நாளுக்கான பதிவுகளை எப்போதும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏஜென்சிக்கு அவசியம் வருவது பெரும்பாலும் விளம்பரத்துக்கு மாதாமாதம் கணிசமாகச் செலவிடத் தொடங்கும்போதுதான். விளம்பரத்தை அமைப்பவர், வடிவமைப்பவர், எண்களைப் படிப்பவர் என்று மூன்று திறமைகள் அப்போது ஒன்றாக வேண்டும். அந்த நிலையிலும், பேச வருபவரும் வேலை செய்பவரும் பெரும்பாலும் வேறு ஆட்கள் என்பதால், உங்கள் கணக்கை யார் கையாள்வார், அவர் கையில் இன்னும் எத்தனை கணக்குகள் இருக்கின்றன என்று கேளுங்கள். அவர்கள் வேறொரு வாடிக்கையாளருக்குச் செய்த கடந்த மாதப் பதிவுகளைத் திறந்து, சின்னத்தை மறைத்துவிட்டுப் படியுங்கள். பன்னிரண்டில் ஏழெட்டு பதிவுகள் வாழ்த்து அட்டையாகவோ எந்தக் கடைக்கும் பொருந்தும் பொன்மொழியாகவோ இருந்தால், உங்களுக்கும் அதுவே கிடைக்கும்.

யாரை அமர்த்தினாலும் நான் விட்டுக்கொடுக்காத ஒன்று, கணக்குகள் யார் பெயரில் இருக்கின்றன என்பது. ‘எல்லாவற்றையும் நாங்களே அமைத்துத் தருகிறோம்’ என்று சொல்லி, ஏஜென்சி தன்னுடைய விளம்பரக் கணக்கிலேயே உங்கள் விளம்பரங்களை ஓட்டினால், பிரியும் நாளில் எந்த விளம்பரம் விற்றது என்ற வரலாறும், அதன் வழியே திரட்டிய பார்வையாளர் பட்டியல்களும் அவர்களிடமே தங்கிவிடும். நீங்கள் புதுக் கணக்கில் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். இன்ஸ்டாகிராமையும் ஃபேஸ்புக்கையும் நடத்தும் மெட்டாவில், ஒரு தொழிலின் கணக்குகளையெல்லாம் ஒரே இடத்தில் வைத்து நிர்வகிக்க உதவும் பிசினஸ் போர்ட்ஃபோலியோவை உங்கள் பெயரில் நீங்களே உருவாக்கி, பக்கத்தையும் இன்ஸ்டாகிராம் கணக்கையும் விளம்பரக் கணக்கையும் அதற்குள் கொண்டுவந்து, ஏஜென்சியைப் பார்ட்னராகச் சேர்த்துத் தேவையான அனுமதியை மட்டும் கொடுங்கள். விளம்பரப் பணம் உங்கள் அட்டையிலிருந்து நேராகப் போகட்டும், அவர்களுடைய கட்டணம் தனி ரசீதில் வரட்டும். இரண்டும் ஒரே தொகையாக வந்தால் விளம்பரத்துக்கு உண்மையில் எவ்வளவு போனது என்று உங்களால் சரிபார்க்க முடியாது.

ஃப்ரீலான்சருக்கும் கடவுச்சொல்லைக் கொடுக்காமல் இதே வழியில் அனுமதி கொடுங்கள். இருபடிச் சரிபார்ப்புக் குறியீடு வரும் எண் உங்களுடையதாகவே இருக்க வேண்டும். திருத்தாத மூல வீடியோக்களும் வடிவமைப்புக் கோப்புகளும் மாதக் கடைசியில் உங்களிடம் வந்து சேர வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்; வாய்ப்பேச்சாக விட்டால், விலகும் சமயத்தில் அவற்றுக்குத் தனி விலை கேட்பவர்களும் உண்டு. முதல் ஒப்பந்தம் மூன்று மாதத்துக்கு, ஒரு மாத முன்னறிவிப்போடு இருந்தால் போதும். ஓராண்டுக்குக் கட்டினால் தள்ளுபடி என்ற பேச்சுக்கு முதல் தடவையே இணங்காதீர்கள்.

விசாரணைகள் பெருகி, பதில் சொல்லவே நாளுக்கு மூன்று மணி நேரம் ஆகிறது என்ற நிலை வந்தால், வார வேலை 27 மணி நேரத்தை எட்டியிருக்கும். முழுநேர ஆள் வைப்பதைப் பற்றி அப்போது யோசியுங்கள். அவரையும் மர வகையும் அளவும் தெரிந்த, விற்பனை பேசத் தெரிந்தவராகத் தேடுங்கள். ரீல் வெட்டும் வேலையைப் பழைய ஃப்ரீலான்சரே தொடரலாம்.