வரம்புக்குள் இருந்தும் திரும்பி வரும் இணைப்பு

"வரம்பு 25 எம்பி என்கிறார்கள். என் 20 எம்பி பிடிஎஃப் ஏன் திரும்பி வந்தது? பெயரை எப்படி வைத்தால் தேட எளிது?"

இணைப்பு என்பது மின்னஞ்சலோடு சேர்ந்து போகும் கோப்பு. ஆனால் அது உள்ளபடியே போவதில்லை. மின்னஞ்சல் வெறும் எழுத்துகளை அனுப்பத்தான் உருவானது. அதனால் படம், பிடிஎஃப் எல்லாமே பொதுவாக எழுத்துகளாக மாற்றப்பட்டே போகின்றன. அப்போது ஒவ்வொரு 3 பைட்டும் 4 ஆகிறது. வரி முறிவுகளையும் சேர்த்தால் சுமார் 37 சதவீதம் கூடும். உங்கள் 20 எம்பி வழியில் 27 எம்பியைத் தாண்டிவிடுகிறது.

பார்சலைப் பெட்டியோடு சேர்த்துத்தானே எடை போடுகிறார்கள்? பல சர்வர்களும் அப்படித்தான். 25 எம்பி வரம்பென்றால் 18 எம்பிக்குள் அனுப்புங்கள். பெறுபவரின் சர்வர் 10 எம்பிதான் ஏற்கும் என்றால் 7 எம்பி. திரும்பி வந்த அஞ்சலில் `5.3.4` என்ற எண் இருந்தால் அளவுதான் காரணம்.

சரி, பெயர். `scan0012.pdf` உங்களுக்குப் புரியும். பெறுபவரின் டவுன்லோடு ஃபோல்டரில் அதற்கு அர்த்தமே இல்லை. `vaadagai_oppandham_2025-03-14.pdf` என்றால் பொருளை வைத்தும் தேடலாம், தேதியை வைத்தும் தேடலாம். ஆண்டு முதலில் வருவதால் அடுத்தடுத்த பிரதிகள் தேதி வரிசையில் தாமாகவே நிற்கும். `final_new2` மட்டும் வேண்டாம், எது கடைசி என்று அனுப்பியவருக்கே மறந்துவிடும்.

ஜிப் செய்தால் எதுவும் சுருங்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்கேன் செய்த பிடிஎஃபும் ஜேபெக் படமும் பெரும்பாலும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை, அவற்றை ஜிப் செய்தால் அளவு ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும்.