கண்ணாடிச் சீட்டில் இருக்கும் "ஆட்": கேட்டவர்களுக்குப் பதில்

சார், சீட்டில் தூரத்துக்கு -1.00, கீழே ஆட் +1.50. பாரிஸ் கார்னர் பிளாட்பாரத்தில் +1.50 ரீடிங் கிளாஸ் வாங்கினேன். பேப்பர் தெரியுது, லேப்டாப் கலங்குது. சீட்டே தப்பா?

சீட்டு சரி, வாங்கியதுதான் தப்பு. ஆட் என்பது கிட்டத்தில் படிக்கத் தூரப் பவர் மேல் கூட்ட வேண்டியது, தனிக் கண்ணாடியின் பவர் அல்ல. -1.00-உடன் +1.50 கூட்டினால் உங்களுக்கு வேண்டியது வெறும் +0.50. இப்போது போட்டிருப்பதில் 40 செ.மீ.க்கு அப்பால் எதுவுமே தெளியாது, லேப்டாப்போ 60-இல் இருக்கும்.

கண்ணாடி போட்டா பவர் ஏறிக்கிட்டே போகும்னு அம்மா சொன்னாங்க. 44 வயசுல ஆட் +1.00, இப்ப 49, +1.75. அவங்க சொன்னதுதானே நடந்திருக்கு?

ஏறியது உண்மை, ஆனால் கண்ணாடி மேல் பழி போடாதீர்கள். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வாழ்நாள் முழுக்கப் புதுப் படலங்களைச் சேர்த்துக்கொண்டே இருக்கிறது, பழையவை உள்ளே அமுங்கி இறுகுகின்றன, அதனால் தசை இழுத்தாலும் தளர்ந்தாலும் லென்ஸ் முன்போல் வளைந்து கொடுப்பதில்லை. 40 செ.மீ.யில் படிக்க 2.50 பவர் வேண்டும். 44-இல் உங்கள் கண்ணால் மூன்று பவர் வரை தர முடிந்தது என்று வையுங்கள். முழுப் பலத்தையும் போட்டு மணிக்கணக்கில் படிக்க முடியாது, பாதியைக் கையிருப்பாக விட்டுவிடுவோம். ஆக கண் தருவது 1.50, மீதி 1.00 ஆட். 49-இல் முடிவது ஒன்றரைதான் என்றால் பாதி 0.75, ஆட் 1.75. கண்ணாடியே போடாமல் இருந்திருந்தாலும் இதே கணக்குதான். அறுபதுக்கு மேல் கண்ணிடம் கொடுக்க ஏதுமில்லை, ஆட் 2.50 பக்கம் போய் நின்றுவிடும்.

அம்மா சொன்னதிலும் கொஞ்சம் விஷயம் உண்டு: தெளிவாகப் பார்த்துப் பழகிய பிறகு பழைய மங்கலைச் சகிக்க முடியாது, அது பவர் ஏறிய மாதிரியே தோன்றும்.

தையல் கடை வச்சிருக்கேன், வயசு 52, ஆட் +2.00. பேப்பர் பளிச்சுனு தெரியுது, ஊசி கோர்க்க மட்டும் முடியல. வெள்ளெழுத்து முத்திடுச்சா அண்ணா?

முத்தவில்லை. உங்கள் ஆட் பேப்பர் தூரத்துக்குப் போட்டது. ஊசியை 30 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் 3.33 வேண்டும். அடுத்த முறை கருப்புத் துணியும் கருப்பு நூலும் ஊசியும் எடுத்துப்போய், எந்தத் தூரத்தில் பிடிப்பீர்கள் என்று காட்டுங்கள். ஆட்டைக் கூட்டினால் ஊசி தெரியும், ஆனால் மேசையில் விரித்த துணி மங்கிவிடும். ஒன்றே போதுமா, ஊசிக்குத் தனியாக ஒன்றா என்பதை போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், நான் சொல்ல முடியாது.

எங்கப்பாவுக்கு 66. ரெண்டு மாசமா கண்ணாடி இல்லாமலே தினத்தாள் படிக்கிறார். ஆட் குறைஞ்சுடுச்சு, நல்ல விஷயம்தானே?

ஆட் குறையாது. தூரப் பவர் மைனஸ் பக்கம் நகர்ந்திருக்கும், அப்போது கிட்டத்தில் தெரியும், தூரம் மங்கும். பஸ் நம்பர் தெரிகிறதா என்று கேளுங்கள். கண்புரை தொடங்கும்போது இப்படி ஆகும், சர்க்கரை ஏறினாலும் ஆகும். புதுக் கண்ணாடி போடும் முன் டாக்டரிடம் காட்டி, சர்க்கரையும் பார்த்துவிடுங்கள்.