தாத்தாவின் நோட்டில் இருந்த பை: சேமிப்பை உடைக்கலாமா?

கேள்வி: தாத்தா தாலுகா அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தவர். பரணில் தூசி படிந்து கிடந்த அவருடைய நோட்டில் பாதியில் நின்ற யோசனைகள் நிறைய இருந்தன. அதில் ஒன்று, காய்கறிகளைத் தனித்தனியாகப் போட ஆறு அறை கொண்ட துணிப்பை. தைத்துப் பார்த்தேன். அக்கம்பக்கத்தில் 180 ரூபாய் விலையில் 40 பை விற்றது. துணி 62, தையல் கூலி 35, ஜிப்பும் லேபிளும் 13 ரூபாய். இப்போது ஒரு கடை 25 சதவீதக் கழிவில், 60 நாள் கடனில் 500 பை கேட்கிறது. ஒன்றரை வருடம் முன்பு மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்ட 5 லட்சத்தை எடுத்துத் தருகிறேன் என்கிறார் தாத்தா. வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அந்தக் கணக்கில் தேவையான அளவு மட்டும் எடுக்க முடியாது, முழுவதையும் மூட வேண்டும். இரண்டு வருடம் முடிவதற்குள் மூடினால் அசலில் 1.5 சதவீதம், அதாவது 7,500 ரூபாய் பிடிப்பார்கள். 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவருக்கு வரும் 10,250 ரூபாயும் நின்றுவிடும்.

அப்புறம் இந்த ஆர்டரையே பாருங்கள். கழிவு போக ஒரு பைக்கு 135 ரூபாய் கிடைக்கும். உங்கள் செலவு 110. வண்டிக்கூலி, சேதாரத்துக்கு 10 ரூபாய் வைத்தால் 120. ஆக 500 பைக்கும் சேர்த்து லாபம் 7,500 ரூபாய்தான். கணக்கை மூடுவதற்குப் பிடிக்கும் தொகைக்கே அது சரியாகப் போய்விடும். ஜிப் சரியில்லை என்று 50 பை திரும்பினால் 6,750 ரூபாய் போகும்.

யோசனை நல்லது; 40 பேர் காசு கொடுத்து வாங்கியதே அதற்குச் சான்று. ஆர்டர்தான் சரியில்லை. முதலில் 100 பை தருகிறேன், கழிவு 15 சதவீதம், பாதிப் பணம் முன்பணம் என்று கடைக்காரரிடம் பேசுங்கள். அப்போது பைக்கு 153 ரூபாய், முன்பணம் 7,650. ஏற்கெனவே விற்ற 7,200 ரூபாயைச் செலவழிக்காமல் வைத்திருந்தால் கையில் 14,850 இருக்கும். 100 பை தைக்க 12,000 போதும், யாரிடமும் கடன் வேண்டாம். அவை விற்று, கடை மறுபடி கேட்ட பிறகு 500 பற்றி யோசிக்கலாம். அப்போது பணம் குறைந்தால், அடமானம் இல்லாத முத்ரா சிசு கடன் 50,000 ரூபாய் வரை உண்டு.

கடைக்காரர் கழிவில் இறங்கி வரவே மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். நேரடி விற்பனையில் பைக்கு 70 ரூபாய் நிற்கிறதே.

சரக்கு கொடுக்கும் முன் சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு செய்துகொள்ளுங்கள், கட்டணம் கிடையாது. பதிவு பெற்ற குறு நிறுவனத்துக்கு 45 நாளுக்கு மேல் பணத்தை இழுத்தடிக்கச் சட்டம் இடம் தரவில்லை. தாமதித்தால் வட்டி கேட்கலாம். எனவே 60 நாள் பேச்சு வேண்டாம்.

தாத்தா கட்டாயம் உதவ வேண்டும் என்றால் நிலுவைப் பதிவேட்டை அவரிடம் கொடுங்கள். சரக்கு கொடுத்த தேதி, 45வது நாள், வந்த பணம் மூன்றையும் எழுதிவைத்து, கெடு தாண்டிய அன்றே கடைக்குப் போன் செய்ய அவரைவிடப் பொருத்தமானவர் உங்களுக்குக் கிடைக்க மாட்டார்.