விரதத்தின் காரணம்

அம்மா, எனக்கு 53 வயது. சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். 1997இல் பெரியவர்கள் பார்த்துச் செய்துவைத்த திருமணம். மகளுக்கு 25 வயது. மகன் இந்த ஆண்டு மெட்ரிக் எழுதுகிறான். ஏழு ஆண்டுகளுக்கு முன், உடன் வேலை செய்த ஒருவர் மீது மனம் போனபோதுதான் என் ஈர்ப்பு ஆண்கள் மீது என்று புரிந்தது. அவரிடம்கூடச் சொல்லவில்லை. இது நீங்க வேண்டும் என்று அன்று முதல் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறேன். புரட்டாசி, சஷ்டி என்று விரதங்களையும் கூட்டிக்கொண்டேன். அந்த நாள்களில் தனியே படுக்கலாம். மனைவியும் காரணம் கேட்காமல் என்னோடு விரதம் இருப்பாள். குற்ற உணர்வு அரிக்கிறது. பிள்ளைகளுக்காக இப்படியே இருந்துவிடட்டுமா?
— பெயர் வேண்டாம், டர்பன்

தம்பி, "காரணம் கேட்காமல்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இரண்டு சொற்களைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அவர் வாயால் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஏழு ஆண்டுகளாக விரதத்தின் பெயரால் கணவன் படுக்கையை மாற்றிக்கொண்டால், எந்த மனைவிக்குத் தெரியாமல் இருக்கும்? உங்களைப் போன்றவர்களின் மனைவிமார் எழுதிய கடிதங்களும் எனக்கு வருகின்றன. கணவனுக்கு ஆண்கள் மீது ஈர்ப்பு இருக்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை. என் உடம்பு பெருத்துவிட்டதா, மாதவிலக்கு நின்றதாலா என்று தங்களைத்தான் சந்தேகப்படுகிறார்கள். உங்கள் நோய் என்று நீங்கள் நினைப்பது நீங்க நீங்கள் காவடி தூக்கினீர்கள். அவர் பட்டினி கிடந்து என்ன வேண்டியிருப்பார்? நீங்கள் தன் பக்கம் திரும்ப வேண்டும் என்றுதான். இரண்டு வேண்டுதல்களும் ஒரே சந்நிதியில் ஏழு ஆண்டுகளாக மோதிக்கொண்டிருக்கின்றன.

திருமணம் செய்துகொண்ட இளைஞனை நான் குறை சொல்லமாட்டேன். 1997இல் ஆண்களுக்கிடையிலான உறவு நம் தென்னாப்பிரிக்காவில் குற்றம். அந்தச் சட்டத்தை அரசியல் சாசன நீதிமன்றம் நீக்கியது 1998 அக்டோபரில்தான். தன் மனத்தைத் தானே அறிய அந்தப் பையனுக்கு வழியில்லை. ஈர்ப்பு உங்கள் பாவமும் அல்ல. காவடியால் அது போகாது. ஆனால் தெரிந்த பிறகும் ஏழு ஆண்டுகள் ஒரு பெண்ணைத் தன்னையே குறை சொல்ல விட்டது உங்கள் தவறு. அரிப்பது அதுதான் என்றால், அரிக்கட்டும்.

சொல்லுங்கள். அவரிடம்தான் முதலில், பிள்ளைகளுக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் முன்னால். மகன் வீட்டில் இல்லாத ஒரு சனிக்கிழமைக் காலையில் சொல்லுங்கள். இரவில் வேண்டாம், விசேஷத்துக்கு முந்தின நாளும் வேண்டாம். "உன்னிடம் எந்தக் குறையும் இல்லை" என்பது முதல் ஐந்து நிமிடத்துக்குள் வந்துவிட வேண்டும். "வேறு யாராவது உண்டா? எனக்கு நோய் ஏதும் வந்திருக்குமா?" என்று கேட்பார். எனக்கு எழுதாமல் விட்டது ஏதாவது இருந்தால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள், இருவரும் எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு கிளினிக்கில் அது இலவசம். "என்னை ஒருநாளாவது விரும்பினீர்களா?" என்றும் கேட்பார். உண்மை எதுவோ அதைச் சொல்லுங்கள். அன்றே மன்னிப்பை எதிர்பார்த்து அழுதுவிடாதீர்கள். அழுதால் அவர் தன் துக்கத்தை வைத்துவிட்டு உங்களைத் தேற்ற வந்துவிடுவார். நம் பெண்கள் அப்படித்தான் வளர்க்கப்பட்டிருக்கிறார்கள்.

இன்னொன்று. "யாரிடமும் சொல்லாதே" என்று சத்தியம் வாங்காதீர்கள். உங்கள் ரகசியத்துக்குள் அவரையும் பூட்டுவது அது. அக்காவோ தோழியோ, அவர் நம்பும் ஒருவரிடம் பேச அவருக்கு உரிமை வேண்டும்.

சேர்ந்திருப்பதா பிரிவதா என்று அந்த வாரமே முடிவெடுக்காதீர்கள். குடும்பத்தைச் சுலபமாகக் கலைப்பது எனக்குப் பிடிக்காது. ஆனால் ஒருவருக்கு மட்டும் உண்மை தெரிந்த குடும்பத்தைக் காப்பாற்றுவது என்று ஒன்று இல்லை. தெரிந்த பிறகும் சேர்ந்தே வாழ்கிறவர்கள் உண்டு. ஓராண்டு யோசித்துப் பிரிந்தவர்களும் உண்டு. பிரிந்தால் 1979ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தில் உறவு மீள முடியாமல் முறிந்தது என்பதே போதும். யார் குற்றவாளி என்று நிறுவ வேண்டியதில்லை. திருமணத்துக்கு முன் ஒப்பந்தம் எழுதாதவர்கள் என்றால் வீடும் சேமிப்பும் கடனும் இருவருக்கும் பொது. குற்ற உணர்வில் எல்லாவற்றையும் எழுதிக்கொடுத்துவிட்டு, இரண்டு ஆண்டு கழித்து அவரையே வெறுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இருவருக்கும் தனித்தனி வழக்கறிஞர் இருக்கட்டும்.

பிள்ளைகளைக் காரணம் காட்டாதீர்கள். மகளுக்கு 25 வயது; தாங்குவாள். மகனுக்கு நவம்பர் கடைசியில் பரீட்சை முடிந்த பிறகு சொல்லலாமா என்பதை உங்கள் மனைவி தீர்மானிக்கட்டும். சொல்லும்போது இருவரும் சேர்ந்து உட்காருங்கள். அவனுக்கு நீங்கள் அப்பாதான், எந்த வீட்டில் இருந்தாலும்.

அடுத்த தைப்பூசம் வருவதற்குள் இதைச் செய்துவிடுங்கள். உங்களோடு விரதம் இருப்பதா வேண்டாமா என்பதை, காரணம் தெரிந்து, அவரே சொல்லட்டும்.