அப்பா "எவ்ளோ வரும்"னு கேட்டா என்ன சொல்றது?

வீட்ல மார்க் டென்ஷன் அதிகமா இருக்கற பசங்க என்கிட்ட வரும்போது நான் முதல்ல கேக்கறது ஒண்ணுதான், அப்பா அம்மாகிட்ட எவ்ளோ வரும்னு சொல்லி வெச்சிருக்க? பெரும்பாலும் பதில் 95, இல்லன்னா "நல்லா வரும்பா"ன்னு மொட்டையா ஒரு வரி. அந்த 95 எங்கேர்ந்து வந்துச்சுன்னா எங்கேர்ந்தும் வரல, அன்னிக்கு ராத்திரி நிம்மதியா தூங்கணும்னு வாய்ல வந்த நம்பர். அதுக்கப்புறம் ஒவ்வொரு டெஸ்ட் பேப்பரையும் பேக்ல அடியில தள்ள வேண்டியிருக்கும், என்னிக்காவது ஒரு நாள் அது அம்மா கைல கிடைக்கும். அன்னிக்கு நடக்கற சண்டையில மார்க் பத்தின பேச்சு கொஞ்சம்தான், "ஏன் பொய் சொன்ன"ங்கறதுதான் பெருசா நிக்கும்.

என்கிட்ட வந்த ஒரு பையன் கதை இதேதான். கணக்குல 95 வரும்னு சொல்லிட்டான், உண்மையில வாங்கிட்டு இருந்தது அறுபது சொச்சம். பைனல் எக்ஸாமுக்கு 10 வாரம் இருந்துச்சு. அப்பாகிட்ட உண்மைய எப்படி சொல்றதுன்னு கேட்டான். எப்படி சொல்றதுங்கறது இருக்கட்டும், உண்மை என்னன்னு உனக்கே தெரியுமான்னு கேட்டேன், தெரியலன்னான்.

அதனால கடைசியா எழுதின 5 பேப்பர எடுத்துட்டு வரச் சொன்னேன். டைம் வெச்சு, புக்க மூடி வெச்சு எழுதினது மட்டும்தான் கணக்குல சேரும், வீட்ல ஆற அமர போட்டுப் பாத்ததெல்லாம் சேராது. 61, 68, 64, 71, 66. சராசரி 66. அந்த 71-அ மட்டும் புடிச்சுக்கிட்டு "நான் 71 பையன்"னு சொல்லக்கூடாது, 61-அ பாத்து அழவும் கூடாது. இன்னிக்கு எக்ஸாம் வெச்சா 61-லேர்ந்து 71-க்குள்ள எங்கயோ விழும், அவ்ளோதான் நமக்குத் தெரியும்.

அடுத்தது போன மார்க் எங்க போச்சுன்னு பாக்கறது. கடைசி பேப்பர்ல 66, அப்ப 34 போயிருக்கு. ஒவ்வொரு கேள்வியா உக்காந்து பாத்தோம். சமக்குறிக்கு அந்தப் பக்கம் கொண்டு போகும்போது மைனஸ் மாத்தாம விட்டிருக்கான், ஒரு இடத்துல அவன் எழுதின 6-அ அவனே அடுத்த வரியில 0-ன்னு படிச்சு சம் முழுக்க கோணையாயிடுச்சு. இப்படி கேர்லெஸ்ல போனது 11. கடைசி ரெண்டு கேள்விய தொடவே இல்ல, டைம் முடிஞ்சுடுச்சு, அது 9. மீதி 14 ரெண்டு சேப்டர்லேர்ந்து வந்தது, அது அவனுக்கு சுத்தமா தெரியாது, ஒண்ணுல 8 இன்னொண்ணுல 6. ஒரு பேப்பர மட்டும் பாத்து முடிவு பண்ணிடாத, குறைஞ்சது 3 பேப்பராவது இப்படி பிரிச்சுப் பாரு, ஏன்னா ஒரு பேப்பர்ல உனக்குத் தெரியாத சேப்டர் வராமயே போயிருக்கலாம். இவனுக்கு மத்த பேப்பரும் ஏறக்குறைய இதே மாதிரிதான் இருந்துச்சு.

இந்த மூணும் ஒரே மாதிரி திரும்பி வராது, இதத்தான் பேரண்ட்ஸுக்கு புரிய வைக்கணும். கேர்லெஸ் 11-ல பாதி வந்தாலே பெரிய விஷயம், 5-ன்னு வெச்சோம். டைம்ல போன 9-ல ஸ்பீடு பழகினா 6 வரும். 8 மார்க் சேப்டர் 3 வாரத்துல முடிக்கக்கூடியது, 6 மார்க் சேப்டருக்கு போன வருஷப் பாடத்துலேர்ந்து ஆரம்பிக்கணும், அத விட்டுடலாம்னு முடிவு பண்ணோம் (அவனுக்கு மனசே வரல, ஆனா எல்லாத்தையும் தொட்டா எதுவும் முடியாது). 5, 6, 8 கூட்டினா 19, 66-ஓட சேத்தா 85. ஆனா 85-ங்கறது எல்லாமே நினைச்ச மாதிரி நடந்தா, அப்படி நடக்காது, நடுவுல ஜுரம் வரும், ஸ்கூல்ல ஏதாவது ப்ரோக்ராம் வரும். நான் எப்பவும் கூடுற மார்க்ல பாதியத்தான் எடுத்துப்பேன், இது விதியெல்லாம் இல்ல, அனுபவத்துல வந்த கைக்கணக்கு. அப்ப 75 பக்கம், அதுக்கு ரெண்டு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டா 72-லேர்ந்து 80.

அவன் சொல்ல வேண்டிய வாக்கியம் இப்ப ரெடி. "அப்பா, நான் 95-ன்னு சொன்னது பயத்துல சொன்னது. இப்ப 66 வாங்கறேன். 10 வாரத்துல 72-லேர்ந்து 80-க்குள்ள கொண்டு வர முடியும்னு நினைக்கறேன், எல்லாம் சரியா அமைஞ்சா 85. 90-ன்னு இப்ப என்னால சொல்ல முடியாது, ஏன்னு இந்த பேப்பர்ல இருக்கு." இவ்ளோதான். சாரி, பிராமிஸ், சத்தியம் எதையும் இதோட சேக்காத, சேத்தா பேச்சு அந்தப் பக்கம் போயிடும்.

எப்ப சொல்றதுங்கறதும் இருக்கு. மார்க் வந்த அன்னிக்கு சாயங்காலம் வேணாம், அப்பா வேலை முடிச்சு உள்ள நுழையும்போதும் வேணாம், சொந்தக்காரங்க இருக்கும்போது வேணவே வேணாம். லீவு நாள்ல, அப்பா அம்மா ரெண்டு பேரும் சேந்து உக்காந்திருக்கும்போது சொல்லு. அம்மாகிட்ட முதல்ல சொல்லி அம்மா மூலமா அப்பாவுக்குப் போனா வழியில நம்பர் மாறிடும், நான் நிறைய பாத்திருக்கேன்.

கூடவே ஒரே ஒரு பக்கத்துல வாரத்துக்கான பிளான். மணிக்கு மணி டைம்டேபிள் போடாத, ரெண்டாவது நாளே உடையும், உடைஞ்சத பாத்ததும் வீட்ல நம்பிக்கை போயிடும். இவன் கணக்குக்கு போட்டது திங்கள் செவ்வாய் புது சேப்டர், புதன் வியாழன் தப்பு பண்ண பழைய சம், சனிக்கிழமை டைம் வெச்சு முழு பேப்பர், ஞாயிறு திருத்தறது. வெள்ளிக்கிழமை காலி. அம்மா உடனே "வெள்ளிக்கிழமை ஏன் சும்மா இருக்கு"ன்னு கேட்டாங்க, அந்த வாரத்துல விட்டுப்போனத எடுக்கறதுக்குன்னு சொன்னான், இந்த பதில முன்னாடியே யோசிச்சு வெச்சுக்கோ.

இன்னொரு கேள்வியும் வரும், "புக்கே தொறக்க மாட்டேங்கற, என்ன படிக்கற?" பேரண்ட்ஸ் கண்ணுக்கு புக் தொறந்திருந்தாதான் படிப்பு, மூடி வெச்சுட்டு ஞாபகத்துலேர்ந்து எழுதிப் பாத்தா சும்மா உக்காந்திருக்கற மாதிரி தெரியும். 2006-ல ரோடிகர், கார்ப்பிக்கினு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் காலேஜ் பசங்கள வெச்சு இத சோதிச்சாங்க. திரும்பத் திரும்ப படிச்சவங்க 5 நிமிஷம் கழிச்சு கேட்டப்ப நல்லா சொன்னாங்க, ஆனா ஒரு வாரம் கழிச்சு கேட்டப்ப, படிச்சுட்டு மூடி வெச்சு எழுதிப் பாத்தவங்கதான் அதிகமா ஞாபகம் வெச்சிருந்தாங்க. உனக்கு எக்ஸாம் 5 நிமிஷத்துல இல்ல. இத சண்டை போடற குரல்ல சொல்லாம, மூடி வெச்சு எழுதின நோட்ட கைல குடுத்துட்டு சொல்லு.

சரி, அந்த அப்பா என்ன பண்ணார்? கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அப்புறம் கேட்டது "75 வாங்கினா எந்த கோர்ஸ் கிடைக்கும்?" இதுதான் அடி வரைக்கும் இருக்கற பயம். மார்க்குங்கறது அவங்களுக்கு அடுத்த கதவு தொறக்குமா தொறக்காதாங்கற விஷயம், அதுக்கு உன்கிட்ட பதில் இல்லன்னா நீ எவ்ளோ அழகா பிளான் காட்டினாலும் மறுநாள் திரும்ப 95-க்கே வந்து நிப்பாங்க. அதனால போறதுக்கு முன்னாடி, நீ சேர நினைக்கற கோர்ஸுக்கு போன ரெண்டு மூணு வருஷமா கடைசியா சீட் கிடைச்சவங்க மார்க் என்னன்னு எடுத்து வெச்சுக்கோ, கணக்கு மட்டும் இல்லாம காலேஜ்ல பாக்கற எல்லா பாடத்துக்கும் சேத்து. உன் ரேஞ்சுக்குள்ள வர்ற கோர்ஸ் ஒண்ணு, கொஞ்சம் மேல இருக்கறது ஒண்ணு. இவன் மேல இருந்ததுதான் ஆசைன்னும் சொன்னான், கீழ இருக்கறதுக்கும் போவேன்னும் சொன்னான். பேச்சு அதுக்கப்புறம்தான் ஒழுங்கா நடந்துச்சு.

பெரியப்பா பையன் 96 வாங்கினத இழுத்தாங்க, இழுக்காம இருப்பாங்களா. "அவன் பேப்பர் நான் பாத்ததில்லமா, என் பேப்பர்ல 34 இப்படி போகுது"ன்னு திரும்ப பேப்பருக்கே வந்துட்டான். அவன திட்டவும் இல்ல, தன்ன தாழ்த்திக்கவும் இல்ல, அது போதும்.

கடைசியா ஒரு ஒப்பந்தம், தினமும் கேக்க வேணாம், ஞாயிறு 15 நிமிஷம் நானே பேப்பர காட்டறேன், குறைஞ்சாலும் காட்டறேன். அப்பா முதல் வாரத்துலயே ரெண்டு தடவை கேட்டுட்டாராம், "ஞாயிறுப்பா"ன்னு மட்டும் சொல்லிட்டு போயிட்டான். மூணு ஞாயிறு தவறாம காட்டினப்புறம் அவரே நிறுத்திட்டார்.

பிளான் வேலை செய்யலன்னா எப்படி தெரியும்? மொத்த மார்க்க பாக்காத, அது பேப்பர் ஈஸியா கஷ்டமாங்கறத பொறுத்து ஆடும். அந்த மூணு கணக்க தனித்தனியா பாரு. இவனுக்கு 3 வாரத்துல டைம்ல போறது 9-லேர்ந்து 3-க்கு வந்துடுச்சு, ஆனா கேர்லெஸ் 10, 12, 9-ன்னு அப்படியே நின்னுச்சு. பாத்தா ஸ்பீடு ஸ்பீடுன்னு முதல் அரை மணி நேரம் பறந்து பறந்து எழுதியிருக்கான், தப்பெல்லாம் அங்கதான். அதுக்கப்புறம் முதல் பக்கத்த நிதானமா எழுதி, ஒவ்வொரு சம் முடிஞ்சதும் குறிய மட்டும் ஒரு தடவை விரல் வெச்சு பாக்கறதுன்னு மாத்தினோம், மெதுவா 6 ஆச்சு. 8 மார்க் சேப்டரும் இழுத்துக்கிட்டே போனதால 6-ஆவது வாரத்துல அவனே அப்பாகிட்ட "85 இனிமே கஷ்டம், 72-லேர்ந்து 78-ன்னு வெச்சுக்கோங்க"ன்னு சொல்லிட்டான். நம்பர குறைக்கணும்னா நீயே போய் குறைச்சுடு, அவங்க கண்டுபிடிச்சு குறைக்க விடாத.

இதெல்லாம் உக்காந்து பேசக்கூடிய வீட்டுக்குத்தான். பேச ஆரம்பிச்சாலே கை ஓங்கற வீடா இருந்தா தனியா போகாத, அவங்க மதிக்கற ஒரு டீச்சரையோ பெரியவங்களையோ கூட வெச்சுக்கோ. தூக்கமே வரல, செத்துடலாம்னு தோணுதுன்னா பிளான தூக்கிப் போட்டுட்டு அன்னிக்கே நம்பிக்கையான பெரியவங்க ஒருத்தர்கிட்ட அத அப்படியே சொல்லு, மார்க் பேச்செல்லாம் அப்புறம்.

அவனுக்கு வந்தது 74. அம்மா ரெண்டு நாள் முகம் குடுத்து பேசல, அவங்க மனசுல எங்கயோ 85 ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு போல. அப்பா அந்த பழைய பக்கத்த எடுத்து வெச்சுக்கிட்டு கீழ இருக்கற கோர்ஸுக்கு அப்ளிகேஷன் எப்ப தர்றாங்கன்னு கேட்டாராம்.